கடன் கொடுப்பவர் யாருக்குக் கட்டுப்பட்டவர்?

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பெண்ணாடத்தில் எங்கள் தெருவைச் சேர்ந்த ஐந்து பெண்கள் ஒரு பிளாஸ்டிக் உறையுடன் வந்தனர். இருவர் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளுக்கு வேலைக்குச் செல்பவர்கள். ஒருவர் தையல், ஒருவர் காலை நேர இட்லிக் கடை, ஒருவர் கரும்பு வயலில் களையெடுப்பு. ஆளுக்கு 50,000 ரூபாய், 24 மாதத் தவணை, நகை வேண்டாம், வீட்டுப் பத்திரம் வேண்டாம் என்று ஒருவர் வந்து சொல்லியிருக்கிறார். 'அரசுப் பதிவு பெற்ற நிறுவனம்' என்பதற்குச் சான்றாக நான்கு தாள்களின் நகலையும் கொடுத்திருக்கிறார். "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறதா, சார்?" என்பது அவர்கள் கேள்வி.

தாள்கள் சரியாகவே இருந்தன. போலி முத்திரை ஏதும் இல்லை. நிறுவனப் பதிவாளர் வழங்கிய நிறுவனத் தொடக்கச் சான்று, ஜிஎஸ்டி பதிவுச் சான்று, சிறுதொழில்களுக்கான 'உத்யம்' சான்று, வருமானவரி நிரந்தரக் கணக்கு அட்டை ஆகிய நான்கும் உண்மையானவை. ஆனால், அவற்றில் ஒன்றுகூடக் கடன் கொடுக்க உரிமை தருவதில்லை. ஒரு நிறுவனம் பிறந்திருக்கிறது, அது வரி கட்டுவதற்கு எண் வாங்கியிருக்கிறது என்பதற்கு மேல் அவை எதையும் சொல்லவில்லை. பிறப்புச் சான்றைக் காட்டிப் பேருந்து ஓட்ட முன்வருபவரிடம் நாம் ஓட்டுநர் உரிமத்தைக் கேட்போம். கடன் விஷயத்தில் மட்டும், சிங்கமுத்திரை தெரிந்தவுடன் கேள்வியை நிறுத்திவிடுகிறோம்.

குறுங்கடன் குறித்து எழுதுவோர் பெரும்பாலும் வட்டி விகிதத்திலிருந்தே தொடங்குகின்றனர். நான் வகுப்பறையில் இருந்த காலத்தில் நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதற்கு முன்னால் கேட்கவேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: இந்த நிறுவனம் யாருக்குக் கட்டுப்பட்டது? கடன் வாங்கிய பின் ஏதேனும் தவறு நடந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதும், வசூலிக்க வருபவர் எந்த விதிக்கு உள்பட்டு நடக்கவேண்டும் என்பதும் அந்த ஒரு விடையைப் பொறுத்தவை.

அதற்கு முன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்தியாக வேண்டும். நம் ஊர்களில் 'குழு' என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு அமைப்புகள் குறிக்கப்படுகின்றன. ஒன்று, மகளிர் சுய உதவிக் குழு. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் வழியாக 1989இல் தருமபுரி மாவட்டத்தில் வேரூன்றி மாநிலமெங்கும் பரவிய அமைப்பு அது. 12 முதல் 20 பேர் வரை சேர்ந்து முதலில் சேமிப்பார்கள். தீர்மானப் புத்தகம் இருக்கும். வங்கிக் கடன் குழுவின் பெயரில் வரும். மற்றொன்று, குறுங்கடன் நிறுவனத்தின் களப்பணியாளர் நான்கைந்து பெண்களை உட்காரவைத்து ஒரே நாளில் அமைக்கும் கூட்டுப் பொறுப்புக் குழு. இதில் சேமிப்பு கிடையாது. கடன் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாக வரும். ஒருவர் தவறினால் மற்றவர்மீது அழுத்தம் விழும். சுய உதவிக் குழுவில் பத்தாண்டு அனுபவம் உள்ள பெண்ணும்கூட, அதே நம்பிக்கையோடு இரண்டாவது வகைக் குழுவில் கையெழுத்திட்டுவிடுகிறார். என்னிடம் வந்த ஐவரில் மூவர் சுய உதவிக் குழுவின் உறுப்பினர்கள்தாம்.

சரி, யார் யாருக்குக் கட்டுப்பட்டவர்? வங்கிகள், சிறுநிதி வங்கிகள், மண்டல ஊரக வங்கிகள், மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள், குறுங்கடன் நிறுவனங்கள் உள்ளிட்ட வங்கியல்லா நிதி நிறுவனங்கள் ஆகிய அனைத்தும் ரிசர்வ் வங்கியின் குறுங்கடன் விதிகளுக்கு உள்பட்டவை. 2022 மார்ச் 14 அன்று வெளியிடப்பட்டு, ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் அவை. ஆண்டுக் குடும்ப வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடின்றி வழங்கும் கடன் எதுவாயினும் அது குறுங்கடன். வழங்குபவர் வங்கியா, நிதி நிறுவனமா என்பது பொருட்டில்லை. கிராமத்தில் நாம் 'சொசைட்டி' என்று சொல்லும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் மட்டும் மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளருக்குக் கட்டுப்பட்டது.

சிக்கல் இந்த வட்டத்துக்கு வெளியே தொடங்குகிறது. 'நிதி லிமிடெட்' என்று பெயர் முடியும் நிறுவனங்கள் கம்பெனிகள் சட்டத்தின் 406ஆவது பிரிவின் கீழ் வருபவை. மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்தான் அவற்றுக்கு அதிகாரி. மயிலாப்பூர் காலத்திலிருந்து தமிழர்களுக்குப் பழக்கமான அமைப்பு என்பதால் 'நிதி' என்ற சொல்லுக்கே நம்மிடம் ஒரு மரியாதை உண்டு. ஆனால், 2014ஆம் ஆண்டின் நிதி விதிகளின்படி, ஒரு நிதி நிறுவனம் தன் உறுப்பினர்களுக்கு மட்டுமே கடன் தரலாம். அதுவும் நகை, அசையாச் சொத்து, வைப்புத்தொகை, அரசுப் பத்திரம் போன்ற ஈட்டின் மீது மட்டுமே. ஈடில்லாத குழுக் கடன் அதன் அதிகாரத்திலேயே இல்லை. அன்று மாலை என் முன்னால் இருந்த தாளிலும் நிறுவனத்தின் பெயர் அப்படித்தான் முடிந்தது. நகை வேண்டாம், பத்திரம் வேண்டாம் என்பதைத் தன் சிறப்பாகச் சொன்ன அந்த முகவர், தன்னையறியாமல் தன் நிறுவனத்தின் விதிமீறலையும் சேர்த்தே சொல்லிவிட்டார்.

இன்னொரு வகை, இலாப நோக்கற்ற எட்டாம் பிரிவு நிறுவனங்கள். சொத்து மதிப்பு 100 கோடி ரூபாய்க்குக் குறைவாக இருந்து, பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெறாமல், ரிசர்வ் வங்கி வரையறுத்த குறுங்கடனை மட்டும் வழங்கினால், அவை ரிசர்வ் வங்கியில் பதிவு செய்யத் தேவையில்லை. இது சட்டப்படியான விலக்கு. ஆகவே பட்டியலில் பெயர் இல்லை என்பதாலேயே ஒரு தொண்டு நிறுவனத்தை மோசடி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அதே நேரத்தில், அங்கே தினசரிக் கண்காணிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை என்பதையும் தெரிந்துகொண்டு கையெழுத்திட வேண்டும். அறக்கட்டளை என்றோ சங்கம் என்றோ பதிவு செய்துகொண்டு வட்டிக்குக் கொடுப்பவர்களும், தனிநபர் வட்டிக்கடைக்காரர்களும் மாநிலச் சட்டங்களின் எல்லைக்குள் வருபவர்கள். 1957ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டமும், கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடைசெய்யும் 2003ஆம் ஆண்டின் சட்டமும் அவர்களுக்கானவை.

அடையாளம் காண்பது எப்படி? முதலில் அந்தத் தொடக்கச் சான்றையே படிக்கலாம். அதிலுள்ள 21 எழுத்துகளும் எண்களும் கொண்ட நிறுவன அடையாள எண், பார்ப்பதற்குக் குழப்பமாக இருந்தாலும், படிக்கத் தெரிந்தால் நிறையச் சொல்லும். தொடக்கத்தில் U என்றால் பங்குச்சந்தையில் இல்லாத நிறுவனம். அடுத்த ஐந்து எண்கள் தொழிலின் வகை. பிறகு TN போல மாநிலத்தைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள். அதன்பின் வரும் நான்கு எண்கள் நிறுவனம் தொடங்கிய ஆண்டு. அதற்கடுத்த மூன்று எழுத்துகள் NPL என்றிருந்தால் அது இலாப நோக்கற்ற எட்டாம் பிரிவு நிறுவனம். 'பதினைந்து ஆண்டு அனுபவம்' என்று துண்டுப் பிரசுரத்தில் அச்சிட்டிருந்த இந்த நிறுவனத்தின் எண்ணில் இருந்த ஆண்டு 2022!

அடுத்தது ரிசர்வ் வங்கியின் பட்டியல். rbi.org.in தளத்தில், பதிவு பெற்ற வங்கியல்லா நிதி நிறுவனங்களின் பட்டியலும், பதிவு ரத்தானவற்றின் பட்டியலும் தனித்தனியாக உள்ளன. இரண்டையும் பார்க்க வேண்டும். ரத்தான நிறுவனமும் தன் பழைய சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்க முடியும். நிறுவனத்தின் பதிவுச் சான்றில் ஓர் எழுத்தும், மண்டல அலுவலகத்தைக் குறிக்கும் இரண்டு எண்களும், வரிசை எண்ணும் இருக்கும். சென்னை மண்டலத்துக்கு 07. அதாவது எண் N-07 அல்லது B-07 என்று தொடங்கும். வேறு மாநிலத்தில் தலைமையகம் உள்ள நிறுவனத்துக்கு வேறு எண் இருப்பது குற்றமல்ல. ஆனால் சென்னை முகவரியைக் காட்டிக்கொண்டு வேறு மண்டல எண்ணை வைத்திருந்தால் காரணம் கேட்கலாம்.

பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது இங்கே முக்கியம். 'மைக்ரோ ஃபைனான்ஸ்' என்பதும் 'மைக்ரோ கிரெடிட்' என்பதும், 'பிரைவேட் லிமிடெட்' என்பதும் 'லிமிடெட்' என்பதும் வெவ்வேறு நிறுவனங்களாக இருக்கக்கூடும். இதைவிட நுட்பமான ஏமாற்று, உண்மையான நிறுவனத்தின் பெயரையும் பதிவு எண்ணையும் அப்படியே எடுத்துக்கொண்டு வருவது. அப்போது பட்டியல் பொருந்தும், ஆள்தான் பொய். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, துண்டுப் பிரசுரத்தில் உள்ள கைப்பேசி எண்ணை விட்டுவிட்டு, பட்டியலில் உள்ள முகவரிக்கும் மின்னஞ்சலுக்கும், அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் உள்ள எண்ணுக்கும் தொடர்புகொண்டு, 'பெண்ணாடம் பகுதிக்கு உங்கள் கிளை எது, இந்தப் பெயரில் பணியாளர் உண்டா' என்று கேட்பதுதான்.

மூன்றாவதாக ஒரு குழப்பம். வாசலுக்கு வருபவர் அணிந்திருக்கும் சட்டையில் ஒரு பெயர் இருக்கும். கடன் அட்டையில் வேறொரு வங்கியின் பெயர் இருக்கும். பல நிறுவனங்கள் வங்கிகளின் வணிக முகவர்களாகச் செயல்படுவதால் இது தவறல்ல. ஆனால், சரிபார்க்கவேண்டியது அட்டையில் உள்ள பெயரைத்தான். கடன் கொடுப்பவர் அவர்தான். புகாருக்குப் பதில் சொல்லவேண்டியவரும் அவரே. அந்தக் கடன் அட்டை, கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும் என்பது விதி. அதில் மொத்தச் செலவையும் ஆண்டு வட்டியையும் காட்டும் விவரத்தாள், கட்டிய தவணைகளுக்கான ஒப்புதல், குறைதீர்க்கும் அதிகாரியின் பெயர், தொலைபேசி எண் ஆகியவை இருந்தாக வேண்டும். தமிழில் அட்டை தராத நிறுவனத்திடம் மற்றக் கேள்விகளைக் கேட்பதற்கு முன்பே எச்சரிக்கையாகிவிடலாம்.

இவ்வளவு தேடல் எதற்கு என்று தோன்றலாம். நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கு அதற்கு விடை தருகிறது. கேரளத்தின் கடன் கொடுப்போர் சட்டம், ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களுக்கும் பொருந்துமா என்ற வினா, நெடும்பிள்ளி ஃபைனான்ஸ் வழக்காக உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பொருந்தாது என்று 2022 மே 10 அன்று தீர்ப்பானது. பதிவு முதல் பதிவு ரத்து வரை அந்த நிறுவனங்களின் வாழ்வு முழுவதும் ரிசர்வ் வங்கியின் கையில் இருப்பதால், அதே பொருளில் மாநிலச் சட்டத்துக்கு இடமில்லை என்பது நீதிமன்றத்தின் காரணம். நடைமுறையில் இதன் பொருள் என்ன? பதிவு பெற்ற நிறுவனம் அதிக வட்டி வாங்குகிறது என்று கடன் கொடுப்போர் சட்டத்தைச் சொல்லித் திட்டக்குடி வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனால், மனுவோடு திரும்பி வரவேண்டியதுதான். அந்தப் புகார் முதலில் நிறுவனத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்கும், 30 நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் cms.rbi.org.in தளத்துக்கும் செல்லவேண்டும். அதேபோல், பதிவில்லாத ஆளைப் பற்றி வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் சென்றால் அவரால் ஒன்றும் செய்ய இயலாது. அதற்குரிய இடம் sachet.rbi.org.in தளமும் காவல் நிலையமும். தவறான வாசலில் கழிந்த மூன்று மாதங்களில் பன்னிரண்டு வாரத் தவணைகள் கழிந்துவிடும்.

மிரட்டி வசூலிப்பது மட்டும் தனி வகை. அங்கே குற்றவியல் சட்டம் எல்லோருக்கும் பொது. தமிழ்நாடு சட்டப்பேரவை 2025 ஏப்ரலில் நிறைவேற்றிய சட்டம், வலுக்கட்டாய வசூலுக்கு மூன்றாண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க வகைசெய்கிறது. ரிசர்வ் வங்கியின் விதிகளும், காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்காகத் தொந்தரவு செய்வதைத் தடுக்கின்றன.

இன்னொரு விளைவும் உண்டு. அது கண்ணுக்குத் தெரிவதில்லை. ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்கள் தாம் கொடுத்த கடனைக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கவேண்டும். பதிவில்லாதவர் தெரிவிப்பதில்லை. ஆகவே, அவரிடம் இரண்டாண்டு நாணயமாகக் கட்டி முடித்தாலும் அடுத்த கடனுக்கு அது சான்றாக நிற்காது. அதோடு, அடுத்து வரும் முறையான நிறுவனத்தின் கணினியில் அந்தப் பெண்ணுக்குக் கடனே இல்லை என்று தெரியும். தாங்கமுடியாத இன்னொரு கடனை அவர் தலையில் எளிதாக ஏற்றிவிடும்.

இதுவரை சொன்னதைப் படித்து, பதிவு பெற்ற நிறுவனம் என்றால் கவலையில்லை என்று யாரும் முடிவுக்கு வரவேண்டாம். 2010இல் ஆந்திரத்தில் குறுங்கடன் நெருக்கடி வெடித்து, மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தபோது, அங்கே களத்தில் இருந்த பெரிய நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்றவைதாம். அண்மைக் காலத்திலும் பார்த்தோம். 2024 அக்டோபர் 17 அன்று நான்கு நிதி நிறுவனங்கள் புதிய கடன் வழங்குவதை ரிசர்வ் வங்கி நிறுத்திவைத்தது. அவற்றில் சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட ஆசீர்வாத் மைக்ரோ ஃபைனான்ஸும், கொல்கத்தாவின் ஆரோகனும் குறுங்கடன் நிறுவனங்கள். வட்டியும், நிதி திரட்டும் செலவுக்கு மேல் வைத்த இலாப அளவும் மிகுதி என்பது ஒரு காரணம். குறுங்கடன்களில் குடும்ப வருமானத்தையும் ஏற்கெனவே உள்ள தவணைகளையும் கணக்கிடுவதில் விதி மீறல் என்பது மற்றொன்று. நிறுவனங்கள் தம்மைத் திருத்திக்கொண்டதாகத் தெரிவித்ததையடுத்து, 2025 ஜனவரிக்குள் நான்கின் மீதான தடையும் விலக்கப்பட்டது. இதில் எனக்குத் தோன்றுவது இதுதான்: பதிவு, தவறு நடக்காது என்பதற்கு உறுதி அல்ல, தவறு நடந்தால் தடுத்து நிறுத்த ஒருவர் இருக்கிறார் என்பதற்குத்தான் உறுதி. அந்த வேறுபாடு சிறியதல்ல.

அந்த இரண்டாவது காரணத்தைக் குழுப் பெண்கள் தாமே சரிபார்க்க முடியும். விதிப்படி, ஒரு குடும்பம் கட்டும் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள் சேர்ந்தது குடும்பம். பீங்கான் பட்டறைக்குச் செல்லும் பெண்ணின் வீட்டில், இருவரின் கூலியும் சேர்ந்து மாதம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எல்லாத் தவணைகளுக்கும் சேர்த்து உச்சவரம்பு 9,000 ரூபாய். ஏற்கெனவே 7,500 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தால் மீதி 1,500 மட்டுமே; 2,600 ரூபாய்த் தவணை வரும் புதிய கடனுக்கு அவர் தகுதியற்றவர். ஆனால், களப்பணியாளர் விண்ணப்பத்தில் வருமானத்தை 25,000 என்று எழுதிவிட்டால் வரம்பு 12,500 ஆகிவிடும். கடன் உடனே தகுதியாகும். ஆண்டுக்கு 3 லட்சம் என்ற எல்லையை ஒட்டியே நிற்கும் இந்த 25,000 என்ற எண் விண்ணப்பத்தில் இருந்தால், அது உங்கள் வீட்டுக் கணக்கா, அவருடைய இலக்குக் கணக்கா என்று கேளுங்கள். கையெழுத்திடும் முன், 'என் வருமானம் என்னவென்று எழுதியிருக்கிறீர்கள்' என்று கேட்டு அந்த இடத்தைப் படித்துக்காட்டச் சொல்லலாம்.

அன்று மாலைக்குத் திரும்புகிறேன். ரிசர்வ் வங்கியின் இரண்டு பட்டியல்களிலும் அந்தப் பெயர் இல்லை. நிதி நிறுவனம் என்பதால் இருக்கவேண்டியதும் இல்லை. mca.gov.in தளத்தில் 'Active' என்று இருந்தது. அதுவும் நிறுவனம் உயிரோடிருக்கிறது என்பதை மட்டுமே சொன்னது. தையல் வேலை செய்யும் அம்மா முகவரைத் தொலைபேசியில் அழைத்து, நான் எழுதிக்கொடுத்த ஒரே ஒரு கேள்வியைக் கேட்டார்: "ஈடில்லாமல் கொடுக்க உங்களுக்கு எந்த விதியில் இடமிருக்கிறது?" மேலாளரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மறுநாள் எண் அணைத்துவைக்கப்பட்டிருந்தது.

மூவரின் சுய உதவிக் குழு, பிறகு தன் வங்கிக் கிளையில் தீர்மானத்தோடு விண்ணப்பித்தது. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் குழுக்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை 7 சதவீத வட்டியில் கடன் உண்டு. வாசலுக்கு வராத, ஆறு வாரம் காக்க வைக்கும் கடன் அது. அந்த ஆறு வாரங்கள்தாம் எல்லா முகவர்களின் மூலதனம் என்பதை நம் வங்கிக் கிளைகள் எப்போது உணருமோ தெரியவில்லை. இட்லிக் கடை அம்மா எந்தக் குழுவிலும் இல்லாதவர். அவர் அந்த ஞாயிறுக்கு முந்திய வாரமே 'காப்பீடு, பங்குத் தொகை' என்று 1,600 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்திருந்தார். கடன் கைக்கு வருமுன் ரொக்கம் கேட்பதே முதல் அபாயக் குறி என்பதை அவரிடம் சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் கையிலிருந்த ரசீதில் தொகை இருந்தது, தேதி இருந்தது, கையெழுத்தும் இருந்தது. நிறுவனத்தின் பெயர் இல்லை. அந்த ரசீதைப் படமெடுத்து இணைத்து 'சசேத்' தளத்தில் புகார் பதிந்தோம். திரையில் வந்த புகார் எண்ணை, அவர் தம் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போனார்.